பாம்பு இல்லாத சுவரொட்டி

ஆரம்ப சுகாதார நிலையங்களில் பாம்புக்கடி பற்றிய சுவரொட்டி என்றால் பெரும்பாலும் நான்கு பாம்புகளின் வண்ணப்படம்தான். படமெடுத்த நல்ல பாம்பு, கறுத்த உடம்பில் வெள்ளை வளையங்களோடு கட்டுவிரியன், முதுகில் சங்கிலிபோல் புள்ளிகள் ஓடும் கண்ணாடி விரியன், சிறுத்த உருவத்தில் சுருட்டை விரியன். அடியில் ‘பாம்பு கடித்தால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்’ என்று ஒரு வரி. ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்கள்தான் அதைப் படிப்பார்கள்.

நாம் இங்கே பார்க்கப்போவது வேறொரு தாள். அது நோயாளிக்கானதல்ல. இரவுப் பணியில் தனியாக இருக்கும் செவிலியருக்கும், பயிற்சி முடித்து வந்து சேர்ந்திருக்கும் இளம் மருத்துவருக்கும் உரியது. அவசரப் பிரிவில் ஊசி மருந்துத் தட்டுக்கு மேலே, கண் மட்டத்தில் ஒட்டப்பட வேண்டியது. நல்ல தாளாக இருந்தால் அதில் பாம்பின் படமே இருக்காது.

காரணம் எளிது. இந்தியாவில் கிடைக்கும் நச்சுமுறி மருந்து, மருத்துவமனைப் பேச்சில் ஏ.எஸ்.வி., மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே குப்பியாக வருகிறது. நான்கின் நஞ்சையும் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுத்துத் தூளாக்கியதுதான் அது. அதற்கான நஞ்சில் பெரும்பங்கை, 1978இல் தொடங்கப்பட்டு, சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தருகிறது. எந்தப் பாம்பு என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எடுக்கப்போவது அதே குப்பிதான். தவிர, வருகிறவர்கள் சொல்லும் பெயரை நம்ப முடியாது. இருட்டு, பயம். ‘விரியன்’ என்று மட்டும் சொன்னால் இரத்தத்தைக் கெடுக்கும் கண்ணாடி விரியனாகவும் இருக்கலாம், மூச்சை நிறுத்தும் கட்டுவிரியனாகவும் இருக்கலாம். அடித்துப்போட்ட பாம்பைப் பையில் போட்டுக் கொண்டுவருவதால் இன்னொருவர் கடிபடும் வாய்ப்பு கூடுமே தவிர வேறு லாபமில்லை. தூரத்திலிருந்து எடுத்த செல்பேசிப் படம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக யாரும் காத்திருக்க வேண்டாம்.

ஆகவே நம் தாள் பாம்பைப் பற்றிக் கேட்பதில்லை. உடம்பில் என்ன நடக்கிறது, இப்போது மணி என்ன என்று இரண்டை மட்டும் கேட்கிறது. அந்த மணியும் கடித்த நேரத்திலிருந்து ஓடுவதல்ல. கடித்த நேரத்தை யாரும் சரியாகச் சொல்வதில்லை. நோயாளி வாசலுக்கு வந்த நிமிடத்தைப் பூஜ்யமாக வைத்துத் தாள் எண்ணத் தொடங்குகிறது.

ஒரு நோயாளியைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். நாற்பத்தைந்து வயது விவசாயி. அந்தி நேரத்தில் மடை மாற்றப் போனவர் வரப்பில் எதையோ மிதிக்க, கணுக்காலில் சுரீரென்று வலி. துண்டைக் கிழித்து முழங்காலுக்குக் கீழே இறுக்கக் கட்டி, தம்பி இருசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வருகிறார். வாசலில் இறங்கும்போது மணி 7.10.

தாளின் முதல் வரி: நடக்க விடாதே. தசை அசைய அசைய நஞ்சு நிணநீர்ப் பாதையில் வேகமாக ஏறும். ஆகவே தள்ளுவண்டியில்தான் உள்ளே வர வேண்டும். கால் ஒரு மரச்சட்டத்தோடு சேர்த்து அசையாமல் வைக்கப்படுகிறது. மூச்சு, நாடி, பி.பி. மூன்றையும் பார்த்துவிட்டு, கடிபடாத பக்கத்துக் கையில் டிரிப் ஊசி ஏற்றப்படுகிறது. வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் நேரம். கோடு போடுவது சின்ன வேலைதான். ஆனால் அரைமணி கழித்து ‘வீக்கம் கூடியிருக்கிறதா?’ என்ற கேள்விக்கு அதைவிட நம்பகமான பதில் கிடையாது.

“சிஸ்டர், கட்டை அவிழ்த்துடட்டுமா? காலெல்லாம் நீலமா இருக்கு.”

“கை வைக்காதீங்க அண்ணே. டாக்டர் பக்கத்துல நிக்கும்போதுதான் அவிழ்க்கணும்.”

செவிலியர் சொல்வது சரி. இறுக்கக் கட்டியது தவறுதான். இரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப்போக அது வழி செய்யும். ஆனால் கட்டியதைச் சட்டென்று அவிழ்ப்பது அடுத்த தவறு. கட்டுக்குக் கீழே தேங்கி நின்ற நஞ்சு ஒரேயடியாக உடம்புக்குள் பாய்ந்து, பி.பி. தடாலென்று விழலாம், மூச்சு தடுமாறலாம். அதனால் டிரிப் ஏறி, மருத்துவர் அருகில் நின்று, மூச்சுக் கொடுக்கும் அம்பு பை கைக்கெட்டும் இடத்தில் இருக்கும்போதுதான் கட்டு தளர வேண்டும். கட்டுக்குக் கீழே நாடித் துடிப்பே இல்லை என்றால் பி.பி. பார்க்கும் பட்டையைக் கட்டுக்கு மேலே சுற்றிக் காற்றடித்துவிட்டு, துண்டை எடுத்தபின் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கலாம்.

இப்போது தாளின் இதயப் பகுதி. டிரிப் ஊசி ஏற்றிய கையோடு 2 மில்லி இரத்தம் எடுத்து, புதிதான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக்குழாயில் விட்டு, மேசைமேல் ஆடாமல் நிறுத்த வேண்டும். இருபது நிமிடம் யாரும் தொடக்கூடாது. பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் கெட்டியாக உறைந்து நின்றால் உறைதல் சக்தி இருக்கிறது. தண்ணீராக ஓடினால் விரியன் நஞ்சு வேலையை முடித்துவிட்டது. ஆய்வகமோ மின்சாரமோ இதற்குத் தேவையில்லை.

இந்தச் சோதனை ஏன் வேலை செய்கிறது? இரத்தம் கண்ணாடியைத் தொட்டதும் உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதங்கள் விழித்துக்கொள்கின்றன. நல்ல இரத்தம் இருபது நிமிடத்துக்குள் உறைந்துவிடும். கண்ணாடி விரியன் நஞ்சில் உறைதல் வரிசையின் நடுவிலுள்ள பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் நேரடியாகத் தூண்டிவிடும் நொதிகள் இருக்கின்றன. உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன உறைவுகள் கண்டபடி உண்டாகி, உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் என்ற மூலப்பொருளே தீர்ந்துபோகிறது. உறையவைக்கும் நஞ்சு, உறையாத இரத்தத்தில் கொண்டுபோய் விடுகிறது. குழாயில் ஓடுவது அந்தக் காலியான இரத்தம்தான்.

சோதனை இவ்வளவு எளிதாக இருப்பதுதான் அதன் ஆபத்தும். இலங்கையில் கண்ணாடி விரியன் கடிபட்டவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. வார்டில் வழக்கம்போல் செய்யப்பட்ட இந்தச் சோதனை, உறைதல் கெட்டுப்போன 100 பேரில் சுமார் 40 பேரைத்தான் பிடித்தது. 2017இல் வெளியான இன்னொரு இலங்கை ஆய்வில், புதுக் கண்ணாடிக் குழாயோடு முறைப்படி செய்தபோது அது 82 ஆக ஏறியது. நஞ்சு அதேதான், நோயாளிகளும் அதே மாதிரியானவர்கள்தான். வேறுபட்டது குழாயும் செய்த விதமும்.

கெடுவது பெரும்பாலும் மூன்று வழிகளில். முதலாவது பிளாஸ்டிக் குழாய். கண்ணாடி அளவுக்கு அது உறைதலைத் தூண்டாது. நல்ல இரத்தமே ஓடி, தேவையில்லாமல் நச்சுமுறி ஏற வைக்கும். இரண்டாவது, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய பழைய கண்ணாடிக் குழாய். மிச்சமிருக்கும் சோப்புப் படலமும் அதே பொய்யைச் சொல்லும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் மோசம்: அவசரம். பத்தாம் நிமிடத்தில் ஒருவர் ஆட்டிப் பார்ப்பார், பன்னிரண்டாம் நிமிடத்தில் இன்னொருவர். கடைசியில் யாராவது ஒருவர் விளிம்பில் ஒட்டிய சின்ன உறைவைப் பார்த்து ‘உறைஞ்சிருச்சு’ என்று எழுதிவிடுவார். ஒரு மருத்துவமனையில் இதற்கு ஓர் எளிய வழி கண்டேன். குழாய் நிற்கும் கட்டைக்குப் பின்னால் சமையலறை டைமர் ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். மணி அடிக்கும்வரை யாரும் கிட்டே போவதில்லை. சந்தேகம் வந்தால், கடிபடாத ஓர் ஆளின் இரத்தத்தை அதே மாதிரி இன்னொரு குழாயில் விட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் உறையாவிட்டால் குற்றம் குழாயுடையது.

குழாய் முதல் பத்து நிமிடத்துக்குள் மேசைக்கு ஏறிவிட வேண்டும் என்று தாள் வற்புறுத்துவது இதனால்தான். காத்திருக்க வேண்டிய வேலையை முதலில் தொடங்கினால், மற்ற வேலைகள் அந்த இடைவெளியில் நடந்துவிடும். 7.15க்கு வைத்த குழாய் 7.35க்குப் பதில் சொல்லும். அதற்குள் கட்டு தளர்ந்திருக்கும், வலிக்குப் பாரசிட்டமால் கொடுத்தாயிற்று. ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் கூடாது. இரத்தம் ஒழுகுவதைக் கூட்டிவிடும். தம்பியிடம் நேரமும் இடமும் கேட்டு எழுதியாயிற்று.

காத்திருக்கும் அந்த இருபது நிமிடத்தில் கண்ணை நோயாளியின் முகத்தில் வைக்க வேண்டும். ஈறில் இரத்தம், எச்சிலில் இரத்தம், ஊசி குத்திய இடத்தில் நிற்காத ஒழுக்கு, பி.பி. இறங்கிக்கொண்டே போவது, இமை சாய்வது. இதில் எது வந்தாலும் குழாய்க்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நச்சுமுறி ஏற்ற அதுவே போதுமான காரணம். பேனாக் கோட்டைத் தாண்டி வீக்கம் ஓடிக்கொண்டே இருப்பதும் அப்படித்தான். எதுவுமே இல்லாமல் வெறும் பல் பதிவு மட்டும் இருந்தால் ஏற்றக்கூடாது. நஞ்சே இறங்காத கடிகளும் உண்டு. குதிரைப் புரதத்தை ஒருவர் உடம்பில் ஏற்றுவதற்குத் தக்க காரணம் வேண்டும். அவரை 24 மணி நேரம் வைத்துக் கண்காணித்து, சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருப்பதுதான் வைத்தியம்.

நம் விவசாயியின் குழாய் 7.35க்கு ஓடிவிட்டது.

இங்கே தாளில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்க வேண்டும்: குப்பியைத் தொடுமுன் அட்ரினலினை எடுத்து வை. ஒரு மில்லியில் 1 மில்லிகிராம் உள்ள அட்ரினலினில் அரை மில்லியை ஊசிக் குழலில் ஏற்றி, பெயரெழுதி, தட்டில் வைக்க வேண்டும். இரண்டு குழலாக வைத்தால் இன்னும் நல்லது. நச்சுமுறி உயிரைக் காக்கும் மருந்து. ஆனாலும் அது இன்னொரு விலங்கின் புரதம். அதைப் பெறுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு ஒவ்வாமை வருகிறது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. தோலில் ஒரு சொட்டுப் போட்டுப் பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’ இன்னும் சில இடங்களில் நடக்கிறது. அது வரப்போகும் ஒவ்வாமையைக் காட்டுவதில்லை, நேரத்தை மட்டும் தின்கிறது. இலங்கையில் 1,007 நோயாளிகளை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு வழி காட்டியது. நச்சுமுறிக்குச் சற்று முன்னால் கால் மில்லி அட்ரினலினைத் தோலுக்கடியில் போட்டால், முதல் ஒரு மணி நேரத்தில் வரும் கடும் ஒவ்வாமை 43 விழுக்காடு குறைந்தது. முன்கூட்டிப் போட்ட ஹைட்ரோகார்ட்டிசோனுக்கும் புரோமெதசினுக்கும் அந்தப் பலன் இல்லை. பல மருத்துவமனைகளில் பின்னால் சொன்ன இந்த இரண்டுக்குத்தான் கை முதலில் போகிறது என்பது வேடிக்கை.

முதல் தவணை 8 முதல் 10 குப்பி. குழந்தைக்கும் அதே எண்ணிக்கைதான். பாம்பு ஆளைப் பார்த்து நஞ்சைக் குறைத்து இறக்குவதில்லை. முறிக்க வேண்டியது நஞ்சின் அளவு, நோயாளியின் எடையல்ல. குழந்தைக்குக் குறைப்பது கலக்கும் சலைனை மட்டும். ஒவ்வொரு குப்பியிலும் 10 மில்லி ஊசித் தண்ணீர் விட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். வேகமாகக் குலுக்கினால் நுரை கிளம்பும். நுரையில் புரதம் சிதையும், கரைவதும் தாமதமாகும். பத்துக் குப்பியை ஒருவரே கரைத்தால் நேரம் பறக்கும். ஆளுக்கு இரண்டாக வார்டு உதவியாளர்களையும் கூட்டிக்கொள்ளலாம். எல்லாம் தெளிந்ததும் சலைன் பாட்டிலில் சேர்த்து, மெல்லத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் முடியும்படி விட வேண்டும். கடிவாயைச் சுற்றி ஊசி போடும் பழைய வழக்கத்தால் வலியும் வீக்கமும்தான் மிஞ்சும்.

7.50க்கு டிரிப் தொடங்குகிறது. முதல் கால் மணி நேரம் செவிலியர் படுக்கையை விட்டு நகரக்கூடாது. 8.02க்கு விவசாயி வயிற்றைச் சொறிகிறார். சட்டையை விலக்கினால் தடிப்புகள். ஒரு வறட்டு இருமல். இதுதான் தொடக்கம். டிரிப் நிற்கிறது, ஊசி கழற்றப்படுவதில்லை. தட்டிலிருந்த அரை மில்லி அட்ரினலின் தொடையின் வெளிப்பக்கச் சதையில் இறங்குகிறது. பத்து நிமிடத்தில் இருமல் அடங்காவிட்டால் இரண்டாவது குழல். அடங்கிய பிறகு மீண்டும் நச்சுமுறி, முன்னைவிட மெதுவாக. இங்கே நடக்கும் பெரிய பிழை, ‘இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நச்சுமுறியை அதோடு நிறுத்திவிடுவது. உள்ளே ஓடும் நஞ்சுக்கு வேறு மருந்து கிடையாது.

இன்னொரு நோயாளி விடியற்காலை நான்கரைக்கு வருகிறார். பத்தொன்பது வயதுப் பெண், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர். கடித்ததாகவே சொல்லவில்லை. வயிற்று வலி, வாந்தி, தொண்டையில் ஏதோ அடைப்பு. கட்டுவிரியன் கடி பெரும்பாலும் வலிக்காது, வீங்காது, பல் பதிவும் தெரியாது. அசிடிட்டி என்று ஊசி போட்டு அனுப்பப்படுகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் உண்டு. சோதனைக்குழாயில் இரத்தம் அழகாக உறையும். அதை நம்பி நிம்மதியடைந்தால் ஏமாறுவோம். இவரிடம் பார்க்க வேண்டியது இமையை. ஒரு நிமிடம் மேலே பார்க்கச் சொன்னால் இமை தானாகக் கீழிறங்கும். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி எதுவரை போகிறார் என்று குறித்துவைத்தால், அடுத்த முறை எண்ணிக்கை இறங்குவதிலிருந்து மூச்சுத் தசை தளர்வது தெரியும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாதவர் கொஞ்ச நேரத்தில் மூச்சு விடவும் முடியாமல் போகலாம்.

நச்சுமுறியோடு இவருக்கு அட்ரோபின் 0.6 மில்லிகிராமும் நியோஸ்டிக்மின் 1.5 மில்லிகிராமும் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல பாம்பின் நஞ்சு, தசையில் நரம்பின் செய்தியை வாங்கும் இடத்தை அடைத்துக்கொள்கிறது. நியோஸ்டிக்மின் செய்தியைப் பெருக்கி அந்த அடைப்பை வெல்லும். அரைமணிக்குள் இமை திறக்கும். கட்டுவிரியன் நஞ்சு செய்தி அனுப்பும் நரம்பு முனையையே சிதைக்கிறது. அனுப்ப ஆளில்லாதபோது பெருக்குவதற்கு ஒன்றுமில்லை. நச்சுமுறியும் சிதைந்ததைச் சீர்செய்யாது. இமையில் மாற்றமே இல்லையென்றால் அந்த ஊசியைத் தொடர்வதில் பொருளில்லை. நரம்பு முனை தானாக வளரும்வரை, சில நாட்களாகலாம், மூச்சை வெளியிலிருந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நிலையில் கண்மணி விரிந்து, எதற்கும் அசையாமல் கிடப்பவர் பிணம்போல் தோன்றுவார். ஆனால் சுற்றிப் பேசுவது அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ‘முடிஞ்சிருச்சு’ என்று அம்பு பையைக் கீழே வைத்துவிடக்கூடாது.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா? அனுப்பலாம், ஆனால் நச்சுமுறி தொடங்கிய பிறகு. நஞ்சு உடம்பில் ஓடும்போது ஒரு மணி நேரப் பயணத்தை வெறுமனே கடக்கவிடுவதுதான் சிறிய மருத்துவமனைகளில் நடக்கும் பெரும் இழப்பு. மூச்சு சாய்கிறவரோடு அம்பு பை அழுத்தத் தெரிந்த ஒருவர் 108 வண்டியில் ஏற வேண்டும். சீட்டில் எத்தனை குப்பி, எந்த மணிக்குத் தொடங்கியது, குழாய் எப்போது ஓடியது என்று எழுத வேண்டும். ஏனென்றால் அடுத்த சோதனை நச்சுமுறி தொடங்கி ஆறு மணி நேரம் கழித்துத்தான். நச்சுமுறி நஞ்சைப் பிடித்து நிறுத்துமே தவிர, தீர்ந்துபோன உறைதல் பொருளைத் தயாரித்துத் தராது. அதை ஈரல்தான் செய்ய வேண்டும், அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். நம் விவசாயிக்கு அந்த மணி நள்ளிரவு தாண்டி 1.50. அதற்கு முன்னால் குழாய் ஓடுகிறதே என்று பதறிக் கூடுதல் குப்பிகளை ஏற்றுவது வீண். 1.50க்கும் ஓடினால் இரண்டாம் தவணை வேண்டும்.

தாளின் அடியில் காலியாக ஒரு கட்டம் விட வேண்டும். ஒவ்வொரு நாள் காலையிலும் செவிலியர் அதில் நான்கு எண்களை எழுதுவார்: குளிர்பெட்டியில் உள்ள நச்சுமுறிக் குப்பிகள், அட்ரினலின், நியோஸ்டிக்மின், புதுக் கண்ணாடிக் குழாய். முதல் எண் பத்துக்குக் கீழே இறங்கினால் ஒரு நோயாளிக்கான முதல் தவணைகூட முழுதாக இல்லை என்று பொருள். இரண்டாம் தவணையையும் சேர்த்தால் குறைந்தது இருபது வேண்டும். நான்காம் எண் சுழியமாக இருக்கும் நாளில் சாதாரணக் கண்ணாடியாலான ஒரு புதுக் குப்பி, சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால், அந்த வேலையைச் செய்யும்.